புரூஃப் தாளின் ஓரத்தில் கிறுக்கியிருப்பதை எப்படிப் படிப்பது?

*பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு நான்தான் பொறுப்பு. முன்பு அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் புரூஃப் பார்த்து, பக்கங்களை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். சிவப்புப் பேனாவில் சுழி, கூரை, புள்ளி, வட்டம், ஆங்கில எழுத்து என்று என்னென்னவோ இருக்கிறது. எது எதைச் சொல்கிறது? டிடிபி செய்பவர் கன்னடக்காரர். தமிழ் எழுத்து அடையாளம் தெரியும், அர்த்தம் தெரியாது. அவரிடம் எப்படிக் கொடுப்பது? ஒரு பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன்.*

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியவர் பழைய பள்ளியில் பழகியவர், குறிகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. நீங்கள் குழம்புவதற்குக் காரணம், அச்சடித்த வரிகளுக்குள் இருக்கும் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் என்று நினைக்கிறேன். கண்ணை முதலில் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.

புரூஃபில் ஒரு திருத்தம் என்பது எப்போதும் இரண்டு இடத்தில் எழுதப்படும். வரிக்குள் இருக்கும் குறி ‘இங்கே’ என்று மட்டும் சொல்லும். ‘என்ன செய்ய வேண்டும்’ என்பது ஓரத்தில் இருக்கும். வரிக்குள் ஒரு எழுத்தின் மேல் சாய்கோடு போட்டிருந்தால், அதை நீக்கவும் சொல்லலாம், வேறு எழுத்தாக மாற்றவும் சொல்லலாம். அந்தக் கோட்டை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எது என்று தெரியாது. அதே வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சுழி இருந்தால் நீக்கு, ஒரு எழுத்து இருந்தால் அந்த எழுத்தாக மாற்று. அச்சுக் கோக்கிறவர் முழுப் பக்கத்தையும் படிக்க மாட்டார், ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார் என்பதால் வந்த ஏற்பாடு இது. ஓரம் காலியாக இருக்கும் வரியை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உங்கள் கன்னட நண்பரும் அப்படித்தான் வேலை செய்யப்போகிறார் என்பதால், இந்த ஏற்பாடு உங்களுக்கு ரொம்பவே பொருந்தும்.

ஓரத்தில் எழுதுவதற்கும் ஒரு வரிசை உண்டு. வரியின் இடது பாதியில் உள்ள பிழை இடது ஓரத்துக்கு, வலது பாதியில் உள்ளது வலது ஓரத்துக்குப் போகும். ஒரே பாதியில் இரண்டு மூன்று பிழை இருந்தால், வரியில் வரும் வரிசைப்படியே ஓரத்திலும் இடமிருந்து வலமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாய்கோடு போடுவார்கள். அந்தச் சாய்கோடு எழுத்து அல்ல, ‘இந்தத் திருத்தம் முடிந்தது’ என்பதற்கான வேலிதான். ஓரத்தில் ‘க் //’ என்று இரண்டு சாய்கோடு இருந்தால், அந்த வரியில் அடுத்தடுத்து இரண்டு இடத்தில் அதே ‘க்’ வேண்டும் என்று பொருள். இதைத் தெரியாமல் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ஒவ்வொரு வரியிலும் உள்ளே எத்தனை குறி, ஓரத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அந்த வரியை நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள். உள்ளே அதிகமாக இருந்தால், ஒன்று ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு சாய்கோட்டைக் கவனிக்கவில்லை. உங்கள் படத்தில் கீழ்ப்பக்கம் இரண்டு வரிகளில் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த விஷயம் வட்டம். ஓரத்தில் எழுதியிருப்பதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தால் அது பேச்சு, அச்சில் ஏற வேண்டிய எழுத்து அல்ல. வட்டம் இல்லாமல் இருந்தால் அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ‘எழுதியவரைக் கேட்கவும்’ என்று பெரியவர் வட்டத்துக்குள் எழுதியிருப்பதை உங்கள் ஆபரேட்டர் கட்டுரைக்குள் அடித்துவிட்டால், மலர் வெளியான பிறகு அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அர்த்தம் தெரியாதவருக்கு அது இன்னொரு தமிழ்ச் சொல், அவ்வளவுதான். முக்கியமான விதிவிலக்கு முற்றுப்புள்ளி. வெறும் புள்ளியை ஓரத்தில் வைத்தால் தூசி என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் அதை வட்டத்துக்குள் வைப்பது வழக்கம், ⊙ இப்படி. அது தட்டச்சு செய்ய வேண்டியது.

சரி, உங்கள் படத்தின் மேல் பத்தியையே எடுத்துக்கொள்வோம். அச்சில் இருப்பது இது:

அல்சூர் ஏரிக் கரை யில் அந்தக் காலத்தில் மாலை
மாலை நேரத்தில் கூட்டம் அலைமோதும். வேர்க்கடலை
விற்பவர்களும் பலுன்காரர்களும் வரிசை கட்டி நிற்பார்க
ள். அப்பா எங்களை கூட்டிக்கொண்டு போவார்
பொட்டலம் ஒரு 25 பைசா.

முதல் வரியில் ‘ஏரிக்’, ‘கரை’ இரண்டுக்கும் நடுவே மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. ‘கரை’, ‘யில்’ நடுவேயும் அதே. இடது ஓரத்தில் அந்த இரட்டை வளைவு ஒருமுறை, பக்கத்தில் இரண்டு சாய்கோடு. இடைவெளியை மூடி ஒட்டவை என்பது அந்த வளைவின் பொருள், ஆக ‘ஏரிக்கரையில்’. இதற்கு நேர் எதிர், ஒட்டியிருப்பதைப் பிரிக்கச் சொல்லும் #. அது இந்தப் பத்தியில் இல்லை, ஆனால் நீங்கள் அனுப்பிய பக்கத்தின் நடுவில் ஓர் இடத்தில் இருக்கிறது. பிரிக்க வேண்டிய இடத்தில் வரிக்குள் ஒரு செங்குத்துக் கோடு, ஓரத்தில் #. அதை எண் குறி என்று நினைத்துத் தட்டச்சு செய்துவிட வேண்டாம்.

அதே வரியில் ‘அந்தக் காலத்தில்’ என்பதன் அடியில் கோடு போட்டு, வலது ஓரத்தில் வட்டத்துக்குள் ‘எந்த வருடம்? எழுதியவரைக் கேட்கவும்’ என்று இருக்கிறது. வட்டம் இருப்பதால் இது கேள்வி. இதைத் தீர்க்க வேண்டியது நீங்களும் கட்டுரை எழுதியவரும்தான், ஆபரேட்டரிடம் இது போகவே கூடாது. அவர் வருடம் சொன்னால் அப்போது அது ஒரு புதிய திருத்தம். சொல்லாவிட்டால் வரி இருந்தபடி இருக்கும்.

இரண்டாம் வரியின் முதல் ‘மாலை’ முழுவதும் அடிக்கப்பட்டு, இடது ஓரத்தில் ஒரு சுழி. கீழே ஒரு வட்டம், அதிலிருந்து மேலே எழும்பித் திரும்பி வளையும் ஒரு வால். அதுதான் நீக்கல் குறி. ஒவ்வொரு கைக்கும் அது ஒவ்வொரு மாதிரி விழும். சிலருக்கு ஆங்கில d போல, சிலருக்கு எட்டு போல, உங்கள் பெரியவருக்குக் கொஞ்சம் ‘ஒ’ போல. ஒரு வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் ஒரே சொல் வருவது எழுதியவர் கண்ணுக்கே படாத பிழை, அதைப் பிடித்திருக்கிறார். நீக்கல் சுழிக்கு மேலும் கீழும் வளைவு சேர்ந்திருந்தால், நீக்கிவிட்டு இருபக்கத்தையும் ஒட்டவும் வேண்டும். ஒரு சொல்லின் நடுவில் ஓர் எழுத்தை எடுக்கும்போது அப்படிப் போடுவார்கள். இங்கே முழுச் சொல்லும் போவதால் வளைவு இல்லை.

அந்த வரியின் கடைசியில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். ‘வேர்க்கடலை’ அடிக்கப்பட்டிருக்கிறது. வலது ஓரத்தில் ‘கடலைக்காய்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் ‘கடலைக்காய்’ மேலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது, பக்கத்தில் stet என்று நான்கு சிறிய ஆங்கில எழுத்து. வரிக்குள் ‘வேர்க்கடலை’யின் அடியில் வரிசையாகப் புள்ளிகள். இந்தப் புள்ளிகளும் அந்த நான்கு எழுத்தும் சேர்ந்து சொல்வது: அடித்ததைக் கணக்கில் எடுக்காதே, அச்சில் இருப்பது இருந்தபடியே இருக்கட்டும். நம் ஊர்த் தமிழில் கடலைக்காய் என்றுதானே சொல்வோம் என்று முதலில் மாற்றப் பார்த்திருக்கிறார், அப்புறம் எழுதியவரின் சொல்லையே விட்டிருக்கிறார். பசவனகுடிக் கடலைக்காய்த் திருவிழாவுக்குப் போய்வந்த எவருக்கும் அந்தக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். எப்படியானாலும் இந்த இடத்தில் ஆபரேட்டர் எதையும் தொடக் கூடாது. இந்த நான்கு எழுத்துக்குப் பதிலாக வட்டத்துக்குள் ஒரு டிக் போடுகிறவர்களும் உண்டு, பிரிட்டிஷ் குறிமுறையைப் படித்தவர்கள் அப்படிச் செய்வார்கள். அந்த டிக்கைப் பார்த்து ‘சரி, இந்த மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று நினைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

மூன்றாம் வரியில் ‘பலுன்’ என்பதில் ‘லு’ மேல் சாய்கோடு, ஓரத்தில் ‘லூ /’. மாற்று, அவ்வளவுதான்.

நான்காம் வரி ‘ள்’ என்று தொடங்குகிறது. தமிழில் வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வரக் கூடாது என்பது அச்சு மரபு. கணினி தானாகச் சொல்லை உடைக்கும்போது இப்படி நேர்ந்துவிடும். பெரியவர் அந்த ‘ள்’ளைக் கொக்கி போட்டு மேல் வரியின் முடிவுக்கு இழுத்து, ஓரத்தில் வட்டத்துக்குள் ‘மேல் வரிக்கு’ என்று எழுதியிருக்கிறார். இது சொல் திருத்தம் அல்ல, இடம் திருத்தம்.

அதே வரியில் ‘எங்களை’க்கும் ‘கூட்டிக்கொண்டு’க்கும் நடுவே கீழே ஒரு சின்னக் கூரை, ∧ இப்படி. இடது ஓரத்தில் ‘மேல் வரிக்கு’ வட்டத்தை அடுத்து ‘க் /’. கூரை என்றால் இங்கே நுழை. தமிழ் புரூஃபில் மிக அதிகமாகக் கண்ணில் படும் குறி இதுதான், ஏனென்றால் விட்டுப்போன வல்லொற்று பக்கத்துக்குப் பத்தாவது இருக்கும். ஒரு நுணுக்கம் பாருங்கள். கூரை இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஆனால் ‘க்’ முதல் சொல்லோடு ஒட்ட வேண்டும், இடைவெளி அதற்குப் பின்னால் வர வேண்டும். தமிழ் படிக்கிறவருக்கு இது சொல்லாமலே தெரியும். உங்கள் ஆபரேட்டர் ‘எங்களை க்கூட்டிக்கொண்டு’ என்றோ, ‘எங்களை க் கூட்டிக்கொண்டு’ என்றோ அடித்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ‘எங்களைக் கூட்டிக்கொண்டு’ என்று முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டிய இடம் இது.

வரியின் கடைசியில் இன்னொரு கூரை, வலது ஓரத்தில் ⊙. ‘போவார்’ பக்கத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது.

கடைசி வரியில் ‘பொட்டலம்’ மேலாகச் சென்று ‘ஒரு’வின் அடியில் முடியும் பாம்பு போன்ற நெளிகோடு. ஓரத்தில் tr என்ற இரண்டு ஆங்கில எழுத்து. இடம் மாற்று என்று பொருள், ஆக ‘ஒரு பொட்டலம்’. அதற்கு அடுத்து ‘25’ஐச் சுற்றி வட்டம், ஓரத்தில் வட்டத்துக்குள் ‘எழுத்தில்’. வரிக்குள் ஓர் எண்ணையோ சுருக்கத்தையோ வட்டமிட்டால் அதை விரித்து எழுதச் சொல்கிறார்கள். இங்கே ‘இருபத்தைந்து’. ஆனால் இது பக்கத்துக்குப் பக்கம் மாறக் கூடாது, மலர் முழுவதும் எண்ணை எப்படிப் போடுவது என்று நீங்கள் முடிவு செய்துகொண்டு பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்தால்:

அல்சூர் ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் மாலை நேரத்தில் கூட்டம் அலைமோதும். வேர்க்கடலை விற்பவர்களும் பலூன்காரர்களும் வரிசை கட்டி நிற்பார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு பொட்டலம் இருபத்தைந்து பைசா.

ஐந்து வரியில் ஒன்பது திருத்தம், கேள்வி ஒன்று, தொடாமல் விட வேண்டியது ஒன்று. இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்.

பக்கத்தில் வேறு சில குறிகளும் தென்படுகின்றன. பத்தி தொடங்க வேண்டிய இடத்தில் ¶. இரண்டு பத்திகளைச் சேர்க்க, மேல் பத்தியின் கடைசிச் சொல்லிலிருந்து கீழ்ப் பத்தியின் முதல் சொல்லுக்கு ஓடும் நீண்ட கோடு. சொல்லின் அடியில் நெளிகோடு என்றால் தடித்த எழுத்து, நேர்க்கோடு ஒன்று என்றால் சாய்ந்த எழுத்து. ஆனால் தமிழில் சாய்ந்த எழுத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, பலர் ‘இதைக் கவனி’ என்பதற்கும் நேர்க்கோடு போடுவார்கள். அதனால் ஓரத்தைப் பார்க்காமல் சாய்த்துவிட வேண்டாம். அடியில் மூன்று கோடு இருந்தால் பெரிய எழுத்து, அது கட்டுரைக்குள் வரும் ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும். ஓரத்தில் டபிள்யூ, எஃப் இருந்தால் அந்த எழுத்து மட்டும் வேறு ஃபான்ட்டில் விழுந்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் அது ‘ஸ்ரீ’க்கு நேராக இருக்கிறது, நன்றாகப் பார்த்தால் அந்த எழுத்தின் தடிமன் மாறியிருப்பது தெரியும்.

இந்தக் குறிகள் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ 5776 என்று ஒரு பன்னாட்டுத் தரம் இருக்கிறது, பிரிட்டனுக்கு பிஎஸ் 5261 இருக்கிறது, அமெரிக்க வழக்கம் தனி. இடைவெளி விடு என்பதற்கு ஒருவர் # போடுவார், இன்னொருவர் ஆங்கில ஒய் போல ஒரு குறி போடுவார். நம் ஊர் அச்சகங்களில் பழகியவர்கள் எல்லாவற்றையும் கலந்து, நடுவே தமிழிலும் எழுதுவார்கள். அதில் தப்பில்லை. ஒரே ஆள் ஒரே வேலைக்கு ஒரே குறியைத்தான் போடுவார். ஆகவே இணையத்தில் பட்டியல் தேடி ஒப்பிடுவதைவிட, அவருடைய பக்கத்திலேயே சந்தேகமில்லாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை வைத்துச் சந்தேகமான இடத்தைப் படிப்பது சுலபம். ‘மாலை மாலை’யில் அவர் போட்ட சுழி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால், மற்ற சுழிகளை ‘ஒ’ என்று நினைக்க மாட்டீர்கள்.

தமிழுக்கே உரிய இரண்டு குழப்பங்களை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது துணைக்கால். பக்கத்தின் நடுவில் ‘கெடுத்தார்’ என்று அச்சாகியிருக்கிறது. ‘கெ’க்குப் பின்னால் கூரை, ஓரத்தில் ‘ா /’. கையெழுத்தில் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோலவே விழும், அச்சிலேயே பல ஃபான்ட்களில் ஒரு சின்ன வால்தான் வித்தியாசம். அர்த்தம் தெரியாதவர் ‘கெரடுத்தார்’ என்று அடித்து வைப்பார். வேண்டியது ‘கொடுத்தார்’. இன்னொன்று, அவர் துணைக்கால் என்று சரியாகப் புரிந்துகொண்டாலும் கணினியில் அதை நுழைப்பதில் சிக்கல் இருக்கிறது. காகிதத்தில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனித் துண்டுகள். யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறி ஒரே எழுத்தாகத்தான் தட்டச்சாகும். இருக்கிற ‘கெ’க்குப் பக்கத்தில் கால் சேர்த்தால், திரையில் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு துண்டாகக் கிடக்கக்கூடும். அப்புறம் ‘கொடுத்தார்’ என்று தேடினால் சில மென்பொருள்களில் அந்த இடம் மட்டும் அகப்படாது. ‘கெ’யை முழுக்க அழித்துவிட்டு ‘கொ’ என்று புதிதாக அடிப்பதே நல்லது. இதற்காகத்தான் நல்ல புரூஃப் ரீடர்கள் துணைக்காலைத் தனியாக எழுதாமல் ‘கொ’ என்று முழு எழுத்தையே ஓரத்தில் போடுவார்கள். அடுத்த முறை பெரியவரிடம் அப்படிப் போடச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.

இரண்டாவது புள்ளி. ‘இருந்தபடி விடு’ என்பதற்கான புள்ளிகள் சொல்லுக்கு அடியில் வரும். அதற்கு உடனே கீழேதான் அடுத்த வரியின் க், ச், ட் எல்லாம் தலையில் புள்ளியோடு நிற்கின்றன. வரிகள் நெருக்கமாக இருந்து, படமும் மங்கலாக இருந்தால், இரண்டும் கலந்துவிடும். திருத்தத்தை ரத்து செய்த இடம் கண்ணுக்கே படாமல், அடித்தது அடித்ததாகவே போய்விடும். பார்க்க வேண்டியது மூன்று: புள்ளிகள் சம இடைவெளியில் ஓடுகின்றனவா, அடித்த சொல்லின் முழு நீளத்துக்கும் இருக்கின்றனவா, ஓரத்தில் அவற்றுக்கு ஜோடி இருக்கிறதா. நிறம் தெரிந்தால் இந்தச் சந்தேகமே வராது, சிவப்புப் புள்ளி எல்லாம் பெரியவருடையது, கறுப்பு எல்லாம் அச்சினுடையது.

அதனால்தான் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பியதில் கீழ்ப்பாதி ஒரு ஸ்கேனர் ஆப் வழியாகக் கறுப்பு வெள்ளையாக்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. படிப்பதற்குத் துப்புரவாக இருக்கும், ஆனால் சிவப்பு மை அச்சு மையோடு ஒன்றாகிவிட்டது. மெல்லிய பென்சில் கோடு ஏதாவது இருந்திருந்தால் அது வெள்ளையோடு வெள்ளையாகப் போயிருக்கும். புரூஃப் படத்துக்கு அந்த வடிகட்டி வேண்டவே வேண்டாம், வண்ணத்திலேயே இருக்கட்டும். வலது ஓரமும் ஆப் தானாக வெட்டியதில்தான் போயிருக்கிறது. எழுத்து இருக்கும் பகுதிதான் பக்கம் என்று அது முடிவு செய்துவிட்டது. கீழிருந்து நான்காவது, ஆறாவது வரிகளில் உள்ளே கூரை இருக்கிறது, ஓரத்தில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு இடத்தையும் ஊகித்துப் போடாதீர்கள். ‘எதை’க்குப் பின்னால் வரும் கூரைக்கு ‘ச்’ என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் ஒரு சொல்லே விட்டுப்போயிருக்கவும் கூடும்.

பெரியவர் வீட்டில் யாரையாவது மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தாளை மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும். நான்கு மூலையும் சுற்றிக் கொஞ்சம் மேசையும் படத்தில் தெரிந்தால் ஓரம் வெட்டுப்படவில்லை என்று உறுதி. தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால், அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாய்கோடு, புள்ளி, கூரை மூன்றும் அந்தச் சுருக்கத்தில்தான் முதலில் கரையும்.

இனி ஆபரேட்டர். இந்தப் படத்தை அப்படியே அவருக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. நீங்களே ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். பக்கம், வரி, ‘இருப்பது’, ‘வேண்டியது’ என்று நான்கு கட்டம் போதும். எழுத்தை மட்டும் கொடுக்காமல் முழுச் சொல்லாகக் கொடுங்கள். ‘ஏரிக் கரை யில்’ என்பதற்கு எதிரே ‘ஏரிக்கரையில்’, ‘எங்களை கூட்டிக்கொண்டு’க்கு எதிரே ‘எங்களைக் கூட்டிக்கொண்டு’. அவர் வடிவத்தைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார், இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ‘மாலை’யில் எது போக வேண்டும் என்பது போன்ற இடத்தில் முன்பின் சொற்களையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் எடுத்துவிடுவார். கேள்வியும், தொடாமல் விட வேண்டிய ‘வேர்க்கடலை’யும் பட்டியலில் வரவே கூடாது.

பட்டியல் போடும் முன் ஒன்றை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: கோப்பு யூனிகோடில் இருக்கிறதா, பழைய ஃபான்ட்டிலா? யூனிகோடாக இருந்தால் உங்கள் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டாக இருந்தால், நீங்கள் அனுப்பும் யூனிகோடு எழுத்தை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாகவோ வேறு ஃபான்ட்டிலோதான் விழும். அப்போது அவர் ஒவ்வொன்றையும் கையால் அடிக்க வேண்டும், நீங்கள் பட்டியலைப் பெரிய எழுத்தில் பிடிஎஃப் ஆகக் கொடுக்க வேண்டும்.

‘ள்’ மேல் வரிக்குப் போக வேண்டிய அந்தத் திருத்தத்தை மட்டும் கடைசிக்கு வையுங்கள். முதல் இரண்டு வரியில் ஒரு சொல்லும் இரண்டு இடைவெளியும் போனவுடன் பத்தி முழுவதும் மேலே நகரும், ‘நிற்பார்கள்’ தானாகவே ஒரே வரியில் வந்து உட்கார்ந்துவிடலாம். வராவிட்டால் என்டர் தட்டி வரியை உடைக்க விடாதீர்கள். பிறகு இன்னொரு திருத்தம் வந்து வரி நகர்ந்தால், அந்த என்டர் வரியின் நடுவே பல்லிளிக்கும். இன்டிசைனில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து No Break கொடுத்தால் சொல் உடையாமல் முழுதாக அடுத்த வரிக்குப் போய்விடும். மேல் வரி கொஞ்சம் தளர்வாகத் தெரியும், பரவாயில்லை.

திருத்திய பக்கம் திரும்பி வந்ததும், பழைய தாளைப் பக்கத்தில் வைத்து ஓரக் குறி ஒவ்வொன்றாக டிக் செய்துகொண்டே வாருங்கள். பிறகு திருத்தம் நடந்த பத்தியின் கடைசி வரை ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் பாருங்கள். வரிகள் நகர்ந்ததில் புதிதாக எங்காவது ‘ம்’, ‘ன்’ என்று வரி தொடங்கியிருக்கும். அப்படியே பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். பத்தி சுருங்கியதில் அந்த மடிப்பில் ஒரு வரி விழுங்கப்பட்டிருந்தால் அங்கேதான் தெரியும்.